ரோஜாப் பெட்டிக்கு அரபு வாசகம்

சானமாவு பக்கத்து ரோஜாப் பெட்டியில் "காலையில் செடியில், மாலையில் கையில்" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைப் படமெடுத்து அனுப்பி, வளைகுடாக் கடைக்காக அரபியில் எழுதித் தரும்படி ஒருவர் கேட்டால்:

• வாசகம் செய்யும் வேலையைக் குறியுங்கள்: புத்தம்புதுசு என்ற நம்பிக்கை, காதில் நிற்கும் ஓசை. விமானமேறும் பூவுக்கு 'மாலையில்' பொய்யாகிவிடும், அதை விட்டுவிடுங்கள்.

• 'மின் கத்ஃபிஹா இலா கஃப்பிக்' (பறித்ததிலிருந்து உன் உள்ளங்கைவரை) இரண்டையும் காக்கும்.

• 'வாங்கு' என்ற ஏவலைச் சேர்க்காதீர்கள், அது அரபியில் ஆண், பெண்ணுக்கு ஏற்ப மாறும். 'கஃப்பிக்' உச்சரிப்பில் மாறினாலும் எழுத்தில் ஒன்றே.

• செடி, கை படங்களை வலமிருந்து இடமாக அடுக்குங்கள்.

• மாதிரி அச்சில் எழுத்துகள் எல்லாமே ஒட்டாமல் தனித்தனியாக நின்றால், வடிவமைப்பு மென்பொருள் அரபியைச் சிதைத்திருக்கிறது, அச்சிடாதீர்கள்.