ஒரு சொல்லை எப்போது அப்படியே எடுப்பது?

வரலாற்றுக் கட்டுரையொன்றில் மூலத்தில் உள்ளதை மூன்று விதமாக எடுத்தாளலாம். சொற்களை மாற்றாமல் மேற்கோள் குறிக்குள் தருவது நேர்மேற்கோள். அதே கருத்தை ஏறத்தாழ அதே நீளத்தில் நம் நடையில் சொல்வது பொழிப்பு. பல பக்கங்களை இரண்டு மூன்று வரிக்குள் அடக்குவது சுருக்கம். இந்த வரைவிலக்கணங்கள் நம் எல்லோருக்கும் தெரியும். எந்த இடத்தில் எது என்று தீர்மானிப்பதுதான் கடினம். கண்டி உடன்படிக்கை பற்றி நான் செய்த ஒப்படையைக் கொண்டே அதைச் சொல்கிறேன்.

என் வினா இதுதான்: 1815 இல் பௌத்த சமயத்துக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதி 1818 இல் எவ்வளவு மாறியது?

உடன்படிக்கை 1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டி மகுல் மடுவவில் வாசிக்கப்பட்டது. வத்தேகமயிலிருந்து பஸ் ஏறினால் அந்த மண்டபத்தை இன்றும் பார்க்கலாம். அதில் 12 சரத்துகள் உள்ளன. அரசரை நீக்குதல், ஆட்சியைப் பிரித்தானிய முடிக்கு ஒப்படைத்தல், சித்திரவதையை ஒழித்தல், ஆளுநரின் எழுத்து மூல உத்தரவின்றி மரண தண்டனை நிறைவேற்றாதிருத்தல் எனப் பல விடயங்கள் வருகின்றன. என் வினாவுக்கு இவை பின்னணி மட்டுமே. ஆகவே இரண்டு வாக்கியச் சுருக்கம் போதும். ஆனால் "இது பௌத்தத்தைக் காக்கச் செய்த உடன்படிக்கை" என்று சுருக்கினால் அது பிழை. சமயம் பற்றிப் பேசுவது 5 ஆம் சரத்துதான். மூலத்தில் எது பெரிதோ அது சுருக்கத்திலும் பெரிதாகவே தெரிய வேண்டும்.

5 ஆம் சரத்துக்கு வந்தால் நிலைமை வேறு. அதன் ஆங்கில வடிவம் பௌத்த சமயத்தை 'இன்வயலபிள்' என்று பிரகடனப்படுத்துகிறது. மீறப்படக்கூடாதது என்பது பொருள். கிரியைகளும் குருமாரும் வழிபாட்டிடங்களும் பேணிப் பாதுகாக்கப்படும் என்றும் சொல்கிறது. இதைப் பொழிப்பாக்கும் ஒருவர் "பௌத்த சமயம் மதிக்கப்படும்" என்று எழுதக்கூடும். வாசிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஊவாக் கிளர்ச்சிக்குப் பிறகு, 1818 நவம்பர் 21 ஆம் திகதிப் பிரகடனம் வாக்களித்தது அந்த மரியாதையைத்தான். முன்னைய காலத்தில் காட்டப்பட்ட மரியாதை குருமாருக்கும் சடங்குகளுக்கும் ஊர்வலங்களுக்கும் கிடைக்கும் என்றது அது. ஏனைய சமயத்தவர் அமைதியாக வழிபடுவதற்கும் அரசின் பாதுகாப்பு மறுக்கப்படாது என்றும் சேர்த்துச் சொன்னது. இப்போது பாருங்கள், ஒரு பொழிப்பினால் 1815 உம் 1818 உம் ஒன்றாகிவிட்டன! வினா கேட்ட மாற்றமே காணாமல் போய்விட்டது.

எனவே நான் வைத்துக்கொண்ட சோதனை எளிது. அந்தச் சொல்லுக்குப் பதிலாக ஒத்த சொல்லொன்றைப் போட்டுப் பார்ப்பேன். என் வாதம் சற்றேனும் அசைந்தால் அந்த இடத்தில் நேர்மேற்கோள், அசையாவிட்டால் பொழிப்பு. 5 ஆம் சரத்திலும் எனக்கு அந்த ஒரு சொல் மட்டுமே தேவைப்பட்டது. முழுச் சரத்தையும் இறக்கி வைத்தால் வாசிப்பவர் எதைக் கவனிப்பார்?

அந்தச் சொல்லின் கனத்தைக் கம்பளைப் பெரஹெரா வழக்கு காட்டுகிறது. பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா என்பது பிரச்சினை. 1914 இல் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் 5 ஆம் சரத்தை ஆதாரமாகக் கொண்டு தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். 1915 இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றி, பின்னர் வந்த கட்டளைச் சட்டங்களே செல்லும் என்றது. இங்கே எனக்கு வேண்டியது நீதிபதிகள் நியாயம் காட்டிய முறை. அவர்களின் சொற்கள் அல்ல. அதனால் பொழிப்பு. ஆனால் "பீரிஸின் கருத்துப்படி" என்று தொடங்க வேண்டும். அது விடுபட்டால் அவர் நியாயம் என் நியாயமாகிவிடும். மேற்கோள் குறி இல்லாததால் மூலத்தைச் சொல்லத் தேவையில்லை என்பது நம்மிடையே பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணம்.

பொழிப்பில் இன்னொரு கண்ணி உண்டு. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றினால் வாக்கிய அமைப்பு அவருடையதாகவே இருக்கும். அது பொழிப்பல்ல, வேஷம் போட்ட நகல். புத்தகத்தை மூடிவிட்டு எழுதி, பிறகு திறந்து ஒப்பிட வேண்டும். கருத்துகள் அதே வரிசையில், அதே இணைப்புச் சொற்களோடு வந்திருந்தால் மறுபடி எழுத வேண்டியதுதான்.

தமிழ் மொழி மூலம் படிக்கும் நமக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. ஆங்கில நூலொன்றிலிருந்து நாம் தமிழில் தரும் "மேற்கோள்" உண்மையில் நம் மொழிபெயர்ப்பு. அதை வெறும் மேற்கோள் குறிக்குள் வைத்தால், ஆசிரியர் சொல்லாத தமிழ்ச் சொற்களை அவர் வாயில் வைத்தவர்களாவோம். அதனால் பொருளைத் தமிழில் பொழிப்பாகத் தந்து, வாதம் தங்கியிருக்கும் அந்த ஒரு சொல்லை மட்டும் மூல ஒலியிலேயே குறிக்குள் வைத்தேன். முழு வாக்கியம் தேவைப்பட்ட ஓரிடத்தில் "மொழிபெயர்ப்பு என்னுடையது" என்று அடியில் எழுதினேன்.