கடுஞ்சொல் பற்றிய புகாரும் எங்கள் பதிலும்

கருத்துப் படிவத்தில் “பணியாளர் மரியாதையின்றிப் பேசினார்” என்று மட்டும் எழுதினால், யாரை விசாரிப்பது என்று தெரியாது. நாள், நேரம், வார்டு ஆகியவற்றை எழுதினால், பெயர் தெரியாவிட்டாலும் பணிப்பட்டியலைக் கொண்டு அவரைக் கண்டறியலாம்.

மடத்துக்குளத்திலிருந்து தாயாரை அழைத்து வந்த ஒருவர், செவ்வாய் இரவு 8 மணிக்குப் பெண்கள் வார்டில் செவிலியர் அதட்டியதாக எழுதினார் எனக் கொள்வோம். முதலில் அவருக்குப் பதிவு எண்ணுடன் இப்பதில் செல்லும்:

“தாயாருக்கு வலி மருந்து கேட்டபோது, ‘எத்தனை தடவை கேட்பீர்கள்?’ என்று செவிலியர் அதட்டியதாக எழுதியுள்ளீர்கள். தங்களுக்கு நேர்ந்த மனவருத்தத்திற்கு வருந்துகிறோம். விசாரித்து முடிவை எழுத்தில் தெரிவிப்போம்.”

இதில் “அப்படி நடந்திருந்தால்” என்னும் ஐயமும் இல்லை. செவிலியரைக் குற்றவாளியாக்கும் முடிவும் இல்லை.

அடுத்து, அச்செவிலியரின் நேரடி மேலாளர் அல்லாத ஒருவர் விசாரிப்பார். செவிலியரின் எழுத்துவழி விளக்கம், அடுத்த படுக்கையினர் கூறுவது, சிகிச்சைக் குறிப்பேட்டில் உள்ள மருந்து நேரம் ஆகிய மூன்றையும் ஒப்பிடுவார். ஒலி பதியாத கேமரா பேச்சுக்குச் சான்றாகாது. சான்று கிடைக்காவிடில் “உறுதிசெய்ய இயலவில்லை” என்றே எழுதுவோம். ஆயினும் புகார் பதிவேட்டில் நிற்கும். அவர்மீது மீண்டும் புகார் எழுந்தால் இரண்டும் சேர்த்துப் பார்க்கப்படும்.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்தின்படி, புகாரின் முடிவை 15 நாள்களுக்குள் எழுத்தில் பெறுவது தங்கள் உரிமை. அதற்குள் வராவிடில், பதிவு எண்ணைக் காட்டிக் கேளுங்கள்.