காரணங் கூறும் கட்டளையை எழுதும் முறை: காணி விசாரணை உத்தியோகத்தர்களுக்கு ஒரு சுற்றுக்குறிப்பு

ஸ்கந்தபுரம், அக்கராயன் முதலிய குடியேற்றப் பகுதிகளின் அனுமதிப்பத்திரக் காணிகள் பற்றி விசாரணை நடத்தும் பிரதேச செயலாளர்களுக்கும், அவர்களுக்குக் கோப்பைத் தயாரித்துக் கொடுக்கும் காணி உத்தியோகத்தர்களுக்கும் இக்குறிப்பை அனுப்புகிறேன். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஓர் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்வதா, விடுவதா என்று தாங்கள் இடும் கட்டளை, காணி ஆணையாளரிடம் மேன்முறையீடாகச் செல்லலாம். அதன் பின் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனுவாகவும் எழலாம். அங்கே பரிசீலிப்பவருக்குத் தங்கள் மனதில் இருந்த நியாயங்கள் எவையும் தெரியப்போவதில்லை. தாளில் உள்ளதே அவருக்குத் தெரியும்.

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருணதாச எதிர் யுனிக் ஜெம் ஸ்டோன்ஸ் என்ற, 1997ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த வழக்கில், ஒருவருடைய தரப்பைக் கேட்பது என்பது அதை நியாயமாக ஆராய்வதையும் உள்ளடக்கும் என்றும், காரணங்கள் மறைக்கப்படுமிடத்து முடிவு எதேச்சையானதென்று கண்டிக்கப்படலாம் என்றும் நமது உயர் நீதிமன்றத்தின் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ விளக்கினார். பாதிக்கப்பட்டவர் கேட்டால் முடிவின் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டிய கடமையை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு ஒவ்வோர் உத்தியோகத்தர் மீதும் சுமத்தியிருக்கிறது. கட்டளையில் எழுதாத காரணத்தைப் பின்னர் சத்தியக்கடதாசி மூலம் சேர்த்து அதைக் காப்பாற்ற முடியாது என்பது, மொஹிந்தர் சிங் கில் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1977இல் வகுத்த நெறி. அது நம்மைக் கட்டுப்படுத்தாதாயினும், எழுத அமரும்போது அதை நமக்கே உரிய விதியாகக் கொள்வது நலம்.

முதற் காரியம், 106ஆம் பிரிவின் கீழ் அனுப்பிய அறிவித்தலை எடுத்து மேசையில் வைத்துக்கொள்வதாகும். எந்த நிபந்தனை மீறப்பட்டதாக அதில் குற்றஞ்சாட்டினோமோ, அதைத் தவிர வேறொன்றைக் கட்டளையின் அடிப்படையாக்கலாகாது. பயிர் செய்யவில்லை என்று அறிவித்துவிட்டு, விசாரணையில் குத்தகைக்கு விட்டதாக ஒரு செய்தி வெளிப்பட, அதைக் கொண்டு இரத்துச் செய்தால், அவர் பதில் சொல்லச் சந்தர்ப்பமே பெறாத குற்றத்துக்குத் தண்டித்ததாக முடியும். அப்படியொரு செய்தி முக்கியமானதென்று தோன்றினால், புதிய அறிவித்தல் அனுப்பி மீண்டும் தொடங்குவதே முறை.

இனி ஒரு மாதிரி விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்கந்தபுரத்தில் அனுமதிப்பத்திரம் பெற்ற ஓர் அம்மா, 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் யுத்தம் நெருங்கவே குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, இறுதியில் மெனிக் பாம் முகாமை அடைந்து, 2010இல் திரும்பியபோது வயல் பற்றையேறிக் கிடந்தது; சில மாதங்களில் அயலவர் ஒருவர் அதை வெட்டித் துப்புரவாக்கி விதைத்துவிட்டார்; அம்மா 2011இல் பிரதேச செயலகத்துக்கு முறைப்பாடு எழுதினார்; பதில் வரவில்லை; வருடங்கள் பல சென்றபின், பயிர் செய்யத் தவறினார் என்று அவருக்கே அறிவித்தல் போயிற்று. இத்தகைய கோப்பில் நாம் பெரும்பாலும் காணும் கட்டளை பின்வருமாறு இருக்கும்: “இரு தரப்பினரும் விசாரிக்கப்பட்டனர். சமர்ப்பணங்கள் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டன. அனுமதிப்பத்திரதாரரின் விளக்கம் திருப்திகரமாக இல்லை. ஆகவே அனுமதிப்பத்திரம் இரத்துச் செய்யப்படுகிறது.” இந்த நான்கு வாக்கியங்களையும் பெயரை மாற்றி இம்மாவட்டத்தின் எந்தக் கோப்பிலும் வைக்கலாம், எந்தக் கோப்புக்கும் பொருந்துவது எந்தக் கோப்பையும் படித்ததற்குச் சாட்சியாகாது. விளக்கம் யாது, அது ஏன் திருப்தி தரவில்லை என்ற இரண்டும் அங்கே இல்லை.

இவ்விவகாரத்தை எழுதும் வழி, காலத்தைப் பகுத்துப் பார்ப்பதேயாகும். 2008 முதல் 2010 வரை அவர் காணியில் இல்லாதது அவர் விருப்பத்தால் நேர்ந்ததன்று. அதற்கு ஆதாரம் கோப்பிலுள்ள மீள்குடியேற்றப் பதிவும் கிராம அலுவலரின் சாட்சியமும். 2010க்குப் பின் நிகழ்ந்தது வேறு விஷயம். இங்கேதான் உத்தியோகத்தர் தயங்கி நின்று நிர்ணயம் செய்ய வேண்டும். ஆகவே கட்டளையின் மையப் பந்தி ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்: “2011இல் தாம் முறையிட்டதாக அனுமதிப்பத்திரதாரர் கூறுகிறார், அக்கடிதத்தின் பிரதியில் இவ்வலுவலகத்தின் வரவு முத்திரை உள்ளது, அதற்குப் பதில் அனுப்பியதாகக் கோப்பில் எதுவும் இல்லை. காணியைத் திரும்பக் கேட்டு எழுதியவர் அதைக் கைவிட்டார் என்று கொள்ள முடியாது. அவர் பயிர் செய்யாமைக்குக் காரணம் பிறரின் ஆட்சியே என்று காண்கிறேன்.” ஆவணம், அதிலிருந்து பெறப்படும் உண்மை, அவ்வுண்மையிலிருந்து எழும் முடிவு என்ற மூன்றும் இவ்வரிசையில் கோக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ஒருவர் சாட்சியத்தை நம்பாவிடினும் இதே ஒழுங்குதான். “நம்பத்தகாதது” என்று எழுதி நிறுத்தாமல், எந்த ஆவணத்தோடு அது முரண்படுகிறது என்பதைக் காட்ட வேண்டும்.

மேலே கண்ட முடிவால் தோற்பவர் அயலவர். என் அபிப்பிராயத்தில், கட்டளையின் மிக முக்கியமான பந்தி தோற்பவருக்காக எழுதப்படுவதே. அவருடைய வாதங்களுள் பலவீனமானதைத் தெரிந்தெடுத்து மறுப்பது எளிது. மேன்முறையீட்டில் அவர் முன்வைக்கப்போவதோ பலமானதைத்தான். காட்டை வெட்டியதும், கிணறு தோண்டியதும், வருடக்கணக்காக உழைத்ததும் உண்மையாயின், உண்மையென்றே எழுதுங்கள். எழுதிய பின், அவ்வுழைப்பு மற்றொருவருக்கு அரசாங்கம் வழங்கிய அனுமதிப்பத்திரத்தை அழித்துவிடாது என்பதையும், அவரே காணியற்றவராயின் காணிக் கச்சேரிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். தன் சொல் கேட்கப்பட்டது என்று கண்ட மனிதர் முடிவை வெறுத்தாலும், கேட்கவேயில்லை என்று சத்தியம் செய்ய அவருக்கு இடமிராது.

இரண்டு தவறுகள் நல்ல கட்டளையையும் கெடுப்பவை. விசாரணை முடிந்தபின் வெளிக்கள உத்தியோகத்தரை அனுப்பி அறிக்கை பெற்று, அதைத் தரப்பினருக்குக் காட்டாமலே அதன்மேல் முடிவெடுப்பது முதலாவது. அறிக்கை தேவையென்றால் இரு தரப்புக்கும் பிரதி கொடுத்து, பதில் சொல்ல மற்றொரு தவணை கொடுக்க வேண்டும். விசாரித்தவர் இடமாற்றம் பெற்றுப் போக, சாட்சிகளின் முகத்தைப் பாராத அடுத்தவர் பழைய குறிப்புகளைக் கொண்டு கையொப்பமிடுவது இரண்டாவது. இடமாற்றக் கடிதம் கிடைத்த தினமே, முடித்த விசாரணைகளின் கட்டளைகளை எழுதிவிடுங்கள்.

முடிவுரைப் பகுதி குறுகியதாக இருக்கட்டும்: அனுமதிப்பத்திர இலக்கம், காணித்துண்டின் இலக்கம், எந்தப் பிரிவின் கீழ் என்ன கட்டளை, மேன்முறையீடு யாரிடம், எந்தத் தினத்துக்குள். தரப்பினர் அறிந்த தமிழிலேயே எழுதி, கையொப்பத்தோடு திகதியும் இட்டு, பிரதியை இரு தரப்புக்கும் சேர்ப்பித்து, சேர்ப்பித்த பற்றுச்சீட்டைக் கோப்பில் இணையுங்கள். விசாரணை முடிந்து கட்டளை நிலுவையிலுள்ள கோப்புகளை வைத்திருப்பவர்கள், கையொப்பமிடுமுன் ஒவ்வொன்றின் வரைவையும் விசாரணையில் இராத ஒரு சக உத்தியோகத்தரிடம் கொடுத்துப் படிப்பியுங்கள். தோற்றவர் என்ன சொன்னார், அது ஏன் ஏற்கப்படவில்லை என்பதை வரைவைக் கொண்டே அவரால் சொல்ல முடியாவிடில், அதை மீண்டும் எழுதுங்கள்.