முப்பத்தொரு எண்கள், ஒரு முடிவும் இல்லை

கேள்வி: கோவை அருகே வார்ப்பு ஆலை விரிவாக்கத் திட்டத்தின் மேலாளராக இருக்கிறேன். மதிப்பீடு 48 கோடி ரூபாய், அதற்கு மேல் கன்டின்ஜென்சியாக 3 கோடி. மொத்தம் 18 மாதம், இப்போது பத்தாவது மாதம் முடிந்திருக்கிறது. மாதந்தோறும் இயக்குநர்களுக்கு 11 பக்க அறிக்கை தருகிறேன். அதில் 31 குறியீடுகள். அவர்கள் எனக்கு ஒதுக்குவது இருபது நிமிடம். அறிக்கையைப் புரட்டி, சில எண்களைப் பற்றிக் கேட்டு, "நல்லது, கவனமாகப் பாருங்கள்" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிடுகிறார்கள். இப்போது ஒரே பக்க டாஷ்போர்டு வேண்டும் என்கிறார்கள். 31-ல் எதை வைப்பது, எதை எடுப்பது? ஆகஸ்ட் அறிக்கையையும் முந்தைய மாத அறிக்கைகளையும் இணைத்திருக்கிறேன்.

— வாசகர், கோவை

பதில்: உங்கள் ஆகஸ்ட் அறிக்கையை முழுக்கப் படித்தேன். எண்களில் குறை இல்லை. ஆனால் 31-ல் எதை எடுப்பது என்று தொடங்கினால் 31 பன்னிரண்டாகக் குறையும், கூட்டம் மட்டும் அப்படியே நடக்கும். எண்களை ஒதுக்கி வைத்துவிட்டு, கடந்த ஆறு கூட்டங்களின் மினிட்ஸை எடுங்கள். இயக்குநர்கள் உண்மையில் எடுத்த முடிவுகளையும், எடுக்காமல் தள்ளிப்போட்டவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். இது போன்ற திட்டத்தில் பட்டியல் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடும்: கூடுதல் பணம் தருவது, கான்ட்ராக்டரையோ ஆட்களையோ மாற்றுவது, வேலையின் ஒரு பகுதியைக் குறைப்பது அல்லது தள்ளிவைப்பது, வாடிக்கையாளருக்குச் சொன்ன தேதியை மாற்றுவது. இந்த நான்கில் ஒன்றுக்கு உதவாத எண்ணுக்கு அந்தப் பக்கத்தில் இடமில்லை.

ஒவ்வொரு குறியீட்டையும் ஒரே கேள்வியால் சோதியுங்கள்: இந்த எண் எந்த அளவைத் தாண்டினால், யார், என்ன செய்வார்? உங்கள் மூன்றாம் பக்கத்தில் உள்ள "தளத்தில் சராசரி ஆட்கள் 142" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அது 120 ஆனால் இயக்குநர் ஒன்றும் செய்யமாட்டார். தளப் பொறியாளர் செய்வார். அது அவருடைய பலகைக்குரிய எண். விபத்து விவரமும் மாத அறிக்கைக்காகக் காத்திருக்கக் கூடாது. பெரிய காயம் என்றால் அன்றே தொலைபேசியில் சொல்ல வேண்டியது அது.

இப்படிச் சலித்தால் உங்கள் திட்டத்துக்கு மூன்று குறியீடுகளும் ஒரு முடிவுப் பட்டியலும் மிஞ்சும் என்று நினைக்கிறேன்.

ஒன்று: முக்கிய மைல்ஸ்டோனின் எதிர்பார்க்கும் தேதி, அது நகர்ந்த வரலாற்றோடு. உங்கள் அறிக்கையில் கால அட்டவணைக்கு எஸ்.பி.ஐ. 0.83 என்று போட்டிருக்கிறீர்கள். முடித்த வேலையின் மதிப்பு 20 கோடியை, முடித்திருக்க வேண்டிய 24 கோடியால் வகுத்த எண் அது. கணக்கு சரி. ஆனால் அது நாட்களை அளக்கவில்லை, ரூபாயை அளக்கிறது. உலை காத்திருக்கும்போது மதில் சுவரைக் கட்டினாலும் அந்த எண் ஏறும். திட்டம் எவ்வளவு தாமதமாக முடிந்தாலும், கடைசியில் முடித்த வேலையும் திட்டமிட்ட வேலையும் ஒன்றாகிவிடுவதால் எஸ்.பி.ஐ. 1-ல் போய் நிற்கும். கடைசிக் கால்பங்கில் அதை நம்பவே கூடாது.

இயக்குநருக்கு வேண்டியது தேதி. இண்டக்‌ஷன் உலையின் சோதனை ஓட்டம் ஜனவரி 10 என்பது மூலத் திட்டம். உங்கள் பழைய அறிக்கைகளின் பின்னிணைப்புகளிலிருந்து தேதிகளைத் திரட்டினேன். ஏப்ரலிலும் மே மாதத்திலும் அதே ஜனவரி 10. ஜூனில் ஜனவரி 24, ஜூலையில் பிப்ரவரி 7, ஆகஸ்டில் பிப்ரவரி 21. ஒவ்வொரு மாதமும் "இரண்டு வாரம்தான்" என்று தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் பதற்றம் வராது. கிடைக்கோட்டில் அறிக்கை மாதத்தையும் செங்குத்துக் கோட்டில் எதிர்பார்க்கும் தேதியையும் வைத்து ஐந்து புள்ளிகளை இணைத்துப் பாருங்கள். கோடு தட்டையாக இருந்தால் திட்டம் வாக்கைக் காப்பாற்றுகிறது. உங்கள் கோடு மூன்று மாதமாக ஒரே சாய்வில் ஏறுகிறது. ஏறும் வேகம் மாறாவிட்டால் டிசம்பர் அறிக்கையில் அந்தத் தேதி ஏப்ரல் நடுவுக்குப் போயிருக்கும். 31 எண்களும் சொல்லாத செய்தி இதுதான்.

இரண்டு: திட்டம் முடியும்போது ஆகக்கூடிய மொத்தச் செலவு. இதுவரை செலவு 22 கோடி என்பதைவிட, எங்கே போய் நிற்கும் என்பதே முடிவுக்கு உதவும். எம்-புக்கில் அளவெடுத்து ஏற்றிய வேலையின் மதிப்பு 20 கோடி. ஆக 2 கோடி கூடுதல். இதே விகிதம் கடைசிவரை நீடிக்கும் என்று கொண்டால் 48-ஐ 22-ஆல் பெருக்கி 20-ஆல் வகுக்க வேண்டும்: 52.8 கோடி. நடந்தது நடந்தது, மீதி 28 கோடி வேலை மதிப்பீட்டுக்குள் முடியும் என்று கொண்டால் 50 கோடி. அனுமதித்த மொத்தம் 51 கோடி. ஒரு கணக்கில் பணம் போதாது, இன்னொன்றில் மிச்சம். மென்பொருள் தரும் ஒற்றை எண்ணை அப்படியே ஒட்டினால் ஏற்படும் ஆபத்து இது.

ஆகவே கூடுதல் ஏன் வந்தது என்று பிரியுங்கள். உங்கள் குறிப்புப்படி 1.2 கோடி அடித்தளத்தில் பாறை வந்ததால். தோண்டும் வேலை முடிந்துவிட்டதால் அது திரும்ப வராது. மீதி 80 லட்சம் கூலி உயர்வு, இது தொடரும். 20 கோடி வேலைக்கு 80 லட்சம் என்றால் நூற்றுக்கு 4. மீதி 28 கோடிக்கு 1.12 கோடி வரும். மொத்தம் 51.12 கோடி. இந்த எண்ணைப் போடுங்கள்; கீழே "பாறைச் செலவு முடிந்தது, கூலி உயர்வு நீடிக்கும் என்று கொண்டது" என்று ஒரே வரி. எதை நம்பிக் கணக்கிட்டோம் என்பது தெரிந்தால்தான் இயக்குநர் அதை ஏற்கவோ மறுக்கவோ முடியும்.

மூன்று: மீதி வேலைக்கு எதிரே மீதி கன்டின்ஜென்சி. முடிந்த வேலை நூற்றுக்கு 42. கன்டின்ஜென்சியில் தீர்ந்தது நூற்றுக்கு 67. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இரு பட்டைகளாக வரையுங்கள். இரண்டாவது முதலாவதைத் தாண்டி நீண்டுகொண்டே போனால், செலவு இன்னும் வரம்பை மீறாதபோதே எச்சரிக்கை கிடைத்துவிடும்.

பக்கத்தின் கீழ்ப்பாதி முழுவதும் முடிவுப் பட்டியலுக்கு. பெரும்பாலான டாஷ்போர்டுகளில் இந்த இடமே இருப்பதில்லை. உங்கள் ஒன்பதாம் பக்கத்தில் "உலை அடித்தளத்துக்கு இரண்டாம் ஷிப்ட் பரிசீலனையில்" என்று ஒரு வரி கிடக்கிறது. அதை இப்படி எழுதுங்கள்:

> வேண்டிய முடிவு: உலை அடித்தளத்துக்கு இரண்டாம் ஷிப்ட்.
> செலவு: 22 லட்சம். பலன்: மூன்று வாரம் மீளும்.
> கடைசி நாள்: செப்டம்பர் 5. தாண்டினால் உலை நிறுவும் குழு வேறு தளத்துக்குப் போய்விடும். பிப்ரவரி 21-ஐயும் காக்க முடியாது.
> முடிவெடுப்பவர்: நிதி இயக்குநர். என் பரிந்துரை: அனுமதிக்கலாம்.

இதற்கு அனுமதி தந்தால் மொத்தம் 51.34 கோடியாகும். அதாவது 34 லட்சம் கூடுதலாக ஒதுக்க வேண்டும், அல்லது அதே அளவுக்கு வேலையைக் குறைக்க வேண்டும். இருபது நிமிடக் கூட்டத்தில் பேச வேண்டியது இந்த ஒன்றைத்தான். பக்கத்தின் உச்சியிலும் இதையே ஒரு வாக்கியமாக வையுங்கள்: "உலை ஆறு வாரம் பின்தங்கியிருக்கிறது, மூன்று வாரத்தை மீட்க 22 லட்சம் வேண்டும், மொத்தச் செலவு அனுமதியை 34 லட்சம் தாண்டும்." ஒரு பட்டியலில் மூன்று முடிவுகளுக்கு மேல் வேண்டாம்.

இனி இந்தப் பக்கம் எங்கே கெடும் என்று சொல்கிறேன். முதலாவது, உள்ளே போகும் தகவல். வேலைப் பட்டியலில் உலை அடித்தளம் ஜூனில் 85%, ஜூலையில் 90%, ஆகஸ்டில் 92%. மூன்று மாதமாக முடியப்போகிற நிலையிலேயே நிற்கும் வேலை, கண்ணால் மதிப்பிட்டது என்பதற்கு அடையாளம். படிகளுக்கு முன்கூட்டியே எடை கொடுங்கள்: தோண்டல் 20, கம்பி கட்டி ஆங்கர் போல்ட் பொருத்துதல் 30, கான்கிரீட் 30, சரிபார்த்து ஒப்படைத்தல் 20. படி முழுதாக முடிந்தால் அதன் எடை, இல்லாவிட்டால் பூஜ்யம். உங்கள் அறிக்கையில் உள்ள புகைப்படங்களின்படி கான்கிரீட் இன்னும் போடவில்லை. அப்படியானால் அந்த வேலை 92 அல்ல, 50. எதிர்பார்க்கும் தேதியை இந்தக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, நிறம். வெளியே பச்சை, உள்ளே சிவப்பு என்று இருக்கும் அறிக்கையை இந்தத் துறையில் தர்பூசணி என்பார்கள். 2006-ல் ஃபோர்டு நிறுவனத் தலைமைக்கு வந்த ஆலன் முலாலி, வாராந்திரக் கூட்டத்தில் எல்லா அட்டவணைகளும் பச்சையாக வருவதைக் கண்டார். அந்த ஆண்டு நிறுவனம் 1,200 கோடி டாலருக்கு மேல் நட்டப்பட்டது. பிறகு மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி, எட்ஜ் கார் வெளியீட்டில் சிக்கல் என்று சிவப்பு காட்டியபோது முலாலி கைதட்டினார். அதன் பிறகே மற்றவர்களின் அட்டவணைகளிலும் சிவப்பு தென்படத் தொடங்கியது. நீங்கள் கைதட்டலை எதிர்பார்த்திருக்க வேண்டாம். எல்லையை முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இரண்டு வாரம் வரை தாமதம் பச்சை, நான்கு வாரம் வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. எல்லை முடிவான பின் நிறத்தைத் தீர்மானிப்பது கணக்குதான். உங்கள் தைரியமோ தயக்கமோ அதில் நுழையாது. கறுப்பு வெள்ளையில் அச்செடுப்பவர்களுக்காகவும் நிறக்குருடு உள்ளவர்களுக்காகவும் நிறத்தின் பக்கத்தில் "தாமதம்" என்று சொல்லாலும் எழுதுங்கள்.

வடிவத்தில் அதிகம் மெனக்கெட வேண்டாம். ஏ4 தாளைப் படுக்கை வாட்டில் வையுங்கள். பத்துப் புள்ளிக்குக் குறையாத எழுத்து. எந்தத் தேதி வரையிலான கணக்கு என்பது மேல் மூலையில். வேகமானி போன்ற வட்டங்கள் வேண்டாம். இடத்தை அடைக்கும், போன மாதம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லாது.

ஒரு பக்கம் எல்லாவற்றையும் சொல்லாது; ஏன் நடந்தது என்ற விளக்கத்துக்கு இடமிருக்காது. உங்கள் 11 பக்கங்களை இணைப்பாக வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் மட்டும் எடுங்கள். மூன்று கூட்டங்கள் முடிந்ததும் மினிட்ஸை மறுபடி பாருங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு முடிவாவது, பெயரோடும் தேதியோடும் பதிவாகியிருந்தால் பக்கம் வேலை செய்கிறது. எந்த எண்ணைப் பற்றி மூன்று முறையும் ஒரு கேள்விகூட எழவில்லையோ, அதை எடுத்துவிடுங்கள். "இந்த எண் சரிதானா?" என்றே பேச்சு போனால், கோளாறு பக்கத்தில் இல்லை, தளத்தில் அளவெடுக்கும் முறையில் இருக்கிறது, அங்கே போய்ச் சரிசெய்யுங்கள்.