கடையைப் பற்றிப் பொய் வீடியோ பரவுகிறதா? முதல் நாளில் செய்ய வேண்டியவை

இட்லி மாவு பாக்கெட்டில் புழு நெளியும் வீடியோ ஒன்று உங்கள் கடைப் பெயரோடு குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் காலையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்று இரவுக்குள் இவற்றைச் செய்துவிடுங்கள்.

1. பதில் போடும் முன் ஆதாரத்தை எடுத்து வையுங்கள். போட்டவர் எந்த நேரமும் அழித்துவிடலாம். குழுவின் பெயர், அனுப்பியவர் எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், வீடியோவையும் சேமித்துக்கொள்ளுங்கள். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. அனுப்பியவரிடம் சண்டைக்குப் போகாமல், "உங்களுக்கு இதை யார் அனுப்பினாங்க?" என்று தன்மையாகக் கேளுங்கள்.

2. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வேலையில் முக்கால் பங்கு இதுதான். கவரின் நிறம், சீல் போட்ட விதம், ஒட்டியிருக்கும் விலை, பேக்கிங் தேதி, பேசுகிறவரின் பேச்சு வழக்கு எல்லாவற்றையும் உங்கள் பாக்கெட்டோடு ஒப்பிடுங்கள். தெளிவான ஒரு காட்சியைப் படமாக எடுத்து கூகுள் லென்ஸில் தேடினால், பழைய வீடியோவாக இருந்தால் பல நேரம் சிக்கிவிடும். கவர் உங்களுடையதாகவே இருந்தால் மறுக்காதீர்கள். அந்தத் தேதி மாவை விற்பதை நிறுத்துங்கள். பிரிக்காத ஒரு பாக்கெட்டை ஃபிரிட்ஜில் தனியாக வைத்துவிட்டு, வாங்கியவரை நேரில் பாருங்கள்.

3. பொய் என்று உறுதியானால், வீடியோ வந்த அதே குழுவில் ஒரே ஒரு பதில் போடுங்கள். அந்த வீடியோவை மறுபடி பகிராதீர்கள், பார்க்காதவர்களும் பார்த்துவிடுவார்கள். "எங்கள் மாவில் புழு இல்லை" என்றும் எழுத வேண்டாம். படிப்பவர் மனதில் புழு மட்டும்தான் நிற்கும். இப்படி எழுதலாம்: "இன்று காலை வந்த வீடியோ எங்கள் கடையுடையது அல்ல. அதில் இருப்பது நீல கவர், விலை 40 ரூபாய். எங்கள் கவர் பச்சை, விலை 35 ரூபாய். படம் கீழே உள்ளது. மாவு அரைக்கும் இடத்தை இன்று மாலை 4 மணிக்கு யாரும் வந்து பார்க்கலாம்." கீழே உங்கள் பெயர், போன் எண், 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் மூன்றும் இருக்கட்டும். பார்க்க ஆட்கள் வரும்போது அங்கே நீங்களே இருங்கள்.

4. சொந்தக்காரர்களிடம் கூகுளில் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லாதீர்கள். அது கூகுளின் விதிக்கு விரோதம். ஒரே நாளில் குவிந்தால் பார்ப்பவர்களுக்கும் சந்தேகம் வரும். பொய்யான விமர்சனம் வந்திருந்தால் அதை கூகுளிடம் புகார் செய்யுங்கள்.

5. பரவல் நிற்கவில்லை என்றாலோ, "பணம் கொடுத்தால் எடுத்துவிடுகிறேன்" என்று யாராவது பேசினாலோ, பணம் கொடுக்காதீர்கள். cybercrime.gov.in தளத்தில் அல்லது காவல் நிலையத்தில் சேமித்த ஆதாரங்களோடு புகார் கொடுங்கள். தமிழ்நாட்டுக் காவல் நிலையம் என்றால் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வாங்காமல் திரும்பாதீர்கள்.