ஐநூறா, அறுநூறா?

கேள்வி: என்னிடம் ஈட்டி எறிதல் பயிலும் 17 வயது மாணவி அமெரிக்கப் பல்கலைக்கழக உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறாள். பரிந்துரைக் கடிதத்தில் என்ன எழுதுவது?
– ஒரு தடகளப் பயிற்சியாளர், திருச்சி

பதில்: 'ஒழுக்கமானவள், கடின உழைப்பாளி' என்பதை எல்லாரும்தான் எழுதுகிறார்கள். அங்குள்ள பயிற்சியாளரின் கண் முதலில் தேடுவது தூரத்தை. அதோடு ஈட்டியின் எடையையும் சொல்லிவிடுங்கள். 18 வயதுக்குட்பட்ட பெண்கள் எறிவது 500 கிராம் ஈட்டி. கல்லூரிப் போட்டியிலோ 600 கிராம். உங்கள் மாணவி சின்ன ஈட்டியில் 48 மீட்டர், பெரியதில் 43 மீட்டர் எறிகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வெறுமனே '48' என்று எழுதினால், உண்மை தெரியும் நாளில் உங்கள் வார்த்தைக்கு மதிப்பிருக்காது. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்; போட்டியில் எறிந்ததா, பயிற்சியிலா என்பதையும் சேர்த்து.

மூன்று வருடத் தூரங்களை வரிசையாகக் கொடுங்கள். நடுவில் ஒரு வருடம் இறங்கியிருந்தால் காரணம் சொல்லுங்கள். முழங்கை வலியை மறைக்க வேண்டாம். எறிபவர்களுக்கு அது வருவதுதான். எவ்வளவு நாள் ஓய்வு, திரும்பி வந்து எவ்வளவு எறிந்தாள் என்பதே அவர்களுக்குத் தேவை.

கையெழுத்துக்குக் கீழே தொலைபேசி எண்ணை மறக்காதீர்கள். சந்தேகம் வந்தால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.