பழைய கல்யாண வீடியோ: எதுவரை பெரிதாக்கலாம்?

விசிடியில் இருக்கும் கல்யாண வீடியோவின் அளவு வெறும் 352 × 288 புள்ளிகள்தான். ஏஐ மென்பொருளால் அதை இரண்டு மடங்காக்கினால் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். நான்கு மடங்குக்குப் போனால்தான் வம்பு. பந்தியில் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகம் மூலத்தில் 20 புள்ளி அகலம் என்றால், ஒரு கண்ணுக்கு நாலைந்து புள்ளிதான் தேறும். இல்லாத இமையையும் பல்லையும் மென்பொருள் தானாக வரைந்துவிடும். திரையில் தெரிவது பாட்டி அல்ல, வேறு யாரோ.

முழுப் படத்தையும் ஓட்டுமுன் பத்து விநாடித் துண்டை மாற்றிப் பாருங்கள். தலை திரும்பும்போது முகச்சாயல் மாறுகிறதா, தோல் மெழுகாய் வழவழக்கிறதா, புடவைக் கரை நெளிகிறதா என்று நிறுத்தி நிறுத்திக் கவனியுங்கள். ஒன்று தென்பட்டாலும் முகத்தைத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டு, இரண்டு மடங்கோடு நின்றுகொள்ளுங்கள். மூலக் கோப்பை மட்டும் அழிக்கவே வேண்டாம்.